மூன்றாம் மாதப் பட்டியலில் ஒரு பெயர்

நீடாமங்கலம் பக்கம் ஏதாவது விசேஷ வீட்டில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "இவரு நேவில இருந்தவரு" என்று சொல்வார்கள். எதிரில் இருப்பவர் கண்ணில் உடனே ஒரு பீரங்கி தெரியும். "எத்தனை பேர சுட்டிருக்கீங்க?" என்று கேட்பார். நான் யாரையும் சுட்டதில்லை. போர்க்கப்பலில் நான் பார்த்த உத்தியோகத்துக்கு 'ரைட்டர்' என்று பெயர். கப்பல் அலுவலகத்தில் உட்கார்ந்து யார், எங்கே, எப்போது என்று பட்டியல் அடிக்கிற வேலை. என் விரல் பட்டுச் சேதமடைந்தது கீபோர்டு மட்டும்தான். இதைச் சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு வாட்டம் வரும், அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சாப்பிடப் போய்விடுவேன்.

ஆனால் பட்டியல் அடித்தே ஒரு மனுஷனின் வாழ்க்கையில் இரண்டு வருஷத்தைக் காலி செய்யப் பார்த்தேன். அதை யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் கப்பல் மேற்கே ஆப்பிரிக்கக் கரையோரம் மூன்று மாதச் சொச்சம் சுற்றிவிட்டு வர வேண்டியிருந்தது. இருநூற்றைம்பது பேருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. நான் அப்போது சீஃப், அதாவது சீஃப் பெட்டி ஆபீசர். ஆபீசர் அல்லாத மாலுமிகளில் கீழே சீமேன், அதற்கு மேல் லீடிங், அப்புறம் பெட்டி ஆபீசர், அதன் மேல் சீஃப், எல்லோர் தலைமேலும் மாஸ்டர் சீஃப். மாஸ்டர் சீஃப்புக்கு மேல் ஆபீசர்கள். நடைமுறையில் மாஸ்டர் சீஃப்புக்கு மேல் யாரும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆபீசர்களுக்கும் தெரியும்.

கப்பல் கிளம்புவதற்கு முன் ஒரு பெரிய பட்டியல் போட வேண்டும். கப்பலில் இருக்கும் ஒவ்வொருவனும் எந்த டிபார்ட்மென்ட், எந்த வாட்ச், தீப்பிடித்தால் எங்கே ஓட வேண்டும், சண்டை வந்தால் எங்கே நிற்க வேண்டும், கப்பலைக் கட்டும்போது எந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருக்கிற எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர் கையெழுத்துப் போடுவார். எல்லோரும் அவரை எக்ஸ்ஓ என்போம். பொறுப்பு அவருடையது, விரல்வலி என்னுடையது.

வாட்ச் என்றால் காவல் முறை. கடலில் கப்பல் ஓடும்போது இருபத்து நாலு மணி நேரமும் யாராவது ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், யாராவது எதிரில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும், யாராவது இன்ஜின் பக்கத்தில் நின்று அதன் மூச்சைக் கவனிக்க வேண்டும். ஆட்களை மூன்று பங்காகப் பிரித்து, நாலு நாலு மணி நேரமாக மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். அப்படி நேராகப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஆறு முறை வரும். ஆறு மூன்றால் சரியாக வகுபடும். அப்படியானால் நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை நிற்கிற துரதிர்ஷ்டசாலி பயணம் முடியும் வரை அதே ஆளாக இருப்பான், மூன்றாம் வாரம் யாரையாவது கடலில் தள்ளிவிடுவான். அதற்காகச் சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை உள்ள முறையை இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்து வைத்திருக்கிறார்கள். டாக் வாட்ச் என்று அதற்குப் பெயர். இப்போது ஒரு நாளைக்கு ஏழு முறை. தினமும் ஒவ்வொருவருக்கும் நேரம் ஓர் இடம் தள்ளிப் போகும், நள்ளிரவும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும். என்னைக் கேட்டால் கடற்படையில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் இதுதான், அதையும் யாரோ எப்போதோ பாய்மரக் காலத்தில் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு இந்த முறை வைக்கிற சமாச்சாரம் புதிதல்ல. எங்கள் ஊர்த் தலைப்பில், அதாவது பாசனத்துக்குத் தண்ணீர் பிரித்து விடுகிற இடத்தில், ஒரே ஆறு மூன்றாகப் பிரிகிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துத்தான் விடுவார்கள். மூன்று ஆற்றுக்காரர்களும் மற்ற இருவருக்கும் கூடுதலாகப் போகிறது என்று சத்தியம் செய்வார்கள். கப்பலில் டிபார்ட்மென்ட் அப்படி. மேல்தளத்து மாலுமிகள் "இன்ஜின்காரன் நிழல்ல உக்காந்திருக்கான்" என்பார்கள். இன்ஜின்காரர்கள் "அவனுங்க காத்து வாங்குறானுங்க" என்பார்கள். எலெக்ட்ரிக்கல்காரர்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். மூவரும் ஒன்றுபடுகிற ஒரே விஷயம் எங்களைத் திட்டுவதில். சமையல்காரர், ஸ்டோர்காரர், ரைட்டர் எல்லோரும் லாஜிஸ்டிக்ஸ். நாங்கள் வாட்ச் நிற்பதில்லை, பகலில் வேலை செய்து இரவில் தூங்குகிறவர்கள். கடலில் இரவு முழுதும் தூங்குகிறவனை மன்னிக்கிற வழக்கம் கிடையாது.

பட்டியலில் ஒரு சில்லறை விஷயமும் உண்டு. மாலுமிகள் சாப்பிடும் கூடத்தைக் கவனிக்க மாதத்துக்கு ஒரு குழு. சமைப்பது சமையல்காரர்கள், பரிமாறுவது, தட்டுக் கழுவுவது, மேஜை துடைப்பது இந்தக் குழு. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் முறை போட்டு ஆள் தர வேண்டும். குழுவுக்குத் தலைவனாக ஒரு லீடிங். முதல் மாதம் எங்கள் டிபார்ட்மென்ட், இரண்டாம் மாதம் எலெக்ட்ரிக்கல், மூன்றாம் மாதம் இன்ஜின்.

எல்லோரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். இன்ஜின் மாஸ்டர் சீஃப் மட்டும் மூன்றாம் மாதத்துக்கு நேராக 'லீடிங் ஒருவர், பெயர் பிறகு' என்று எழுதி அனுப்பினார். நரைத்த மீசை, இருபத்தைந்து வருஷம் இன்ஜின் சத்தத்தில் இருந்த காது. போன் செய்தேன். "பிறகுன்னா பிறகு" என்றார். கப்பலில் பேச்செல்லாம் இந்தியும் இங்கிலீஷும்தான், நான் என் தமிழில் தருகிறேன். மறுநாள் காலை கப்பல் கிளம்புகிறது. கட்டத்தில் பெயர் இல்லாமல் எக்ஸ்ஓ கையெழுத்துப் போட மாட்டார். யார் பெயரையாவது இப்போதைக்குப் போட்டுவைப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

யாரைப் போடுவது? இன்ஜினில் லீடிங் ஏழெட்டுப் பேர். யார் பெயரைப் போட்டாலும் சண்டைக்கு வருவான். சண்டைக்கு வராத ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்தான். அதிராம்பட்டினத்துக்காரன், இருபத்தேழு இருபத்தெட்டு வயசு, கப்பலிலேயே தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள் இருவர்தான். சாயங்காலம் ஓய்வாக இருந்தால் அலுவலகக் கதவில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, எங்கூர் இறால் சாப்பிட்டிருக்கீங்களா? ஒங்க ஊர்ல மீனுன்னு வாய்க்கா கொரவைய சொல்லுவீங்க" என்று வம்பிழுப்பான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் யாரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவார்கள்? யாரைக் கூப்பிட்டு, "ஏய், அந்த சாம்பார் வாளிய எடு" என்பார்கள்? நம்ம ஆளைத்தான். வேண்டாதவனை முதல் பந்தியில் உட்காரவைத்து உபசாரம் பண்ணுவோம், வேண்டியவன் பசியோடு பரிமாறுவான். நெருக்கத்தைக் காட்ட எங்களுக்கு வேறு வழி தெரியாது. அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், அவன் பெயரை அடித்தேன். போதாததற்கு, ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் பட்டுக்கொண்டேன்.

எக்ஸ்ஓ கையெழுத்துப் போட்டார். கப்பல் கிளம்பியது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதை நான் மறந்தேன்.

இரண்டாம் மாதம் முடிகிற நேரத்தில் அடுத்த மாதத்துச் சாப்பாட்டுக் கூடக் குழுவின் பட்டியலைப் பலகையில் ஒட்டினேன். அரை மணி நேரத்தில் அவன் கதவில் நின்றான். சாயவில்லை.

"அண்ணே, இது ஒங்க வேலையா?"

"என்ன?"

"எம்பேரு."

"ஒரு மாசம்தானேடா. ஏசி இருக்கு. இன்ஜின் ரூம் வேக்காட்டுக்கு இது ஊட்டி."

"ஊட்டிக்கு நீங்க போங்க." கையிலிருந்த நீல அட்டைப் புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தான். "இத பாருங்க மொதல்ல."

அது வாட்ச் புத்தகம். இன்ஜின் அறையில் தனியாகப் பொறுப்பேற்று நிற்க ஒருவனுக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, தேறின ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க, இத்தனை மணி நேரம் கடலில் கப்பல் ஓடும்போது வாட்ச் நின்று, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். பிறகு இன்ஜினியர் ஆபீசர் முன்னால் வாய்மொழித் தேர்வு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பெட்டி ஆபீசர் ஆக முடியாது. அவனுக்கு இன்னும் நூற்றறுபது மணி நேரம் பாக்கி. முதல் மாதம் அவனைக் குளிர்பதன இயந்திரங்களைப் பார்க்கப் போட்டிருந்தார்கள், அது கணக்கில் சேராது.

"நாளைக்கு எட்டு மணி நேரம் நின்னா இருவது நாளு," என்றேன்.

"கப்பல் ஊர் திரும்ப முப்பத்து மூணு நாளு இருக்கு. மூணாம் மாசக் குழுதான் கடைசி, அத்தன நாளும் நான் ஒங்களுக்கு தட்டு கழுவணும்."

"திரும்பினப்புறம் நின்னுக்கோயேன்."

"டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துருச்சுண்ணே. நீங்கதானே டைப் அடிச்சு கொடுத்தீங்க? கரைல ஆபீஸு. அங்க இன்ஜினு எங்க இருக்கு, ஜெனரேட்டர் கூட கெடையாது. ரெண்டு வருசம். அதுக்குள்ள எனக்கு ஜூனியரெல்லாம் பெட்டி ஆபீசராயி எனக்கே ஆர்டர் போடுவானுங்க." புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "வாப்பா மாசா மாசம் கேக்குறாங்க. மச்சானுங்க மூணு பேரும் கத்தார்ல. 'விசா எடுத்துத் தாரேன், அந்தக் கப்பல வுட்டுட்டு வா'ன்னு. இந்த வருசம் பெட்டி ஆபீசர் ஆவுறேன், ஆவலைன்னா நீங்க சொன்னபடி கேக்குறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எத? எம்பேர போடாதீங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியேவா?"

"நான் பாத்துக்கிறேன்" என்றேன். பட்டியல் அடிக்கிறவனுக்கு அதை மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன். பத்து நாள் ஆனது.

முதலில் இன்ஜின் மாஸ்டர் சீஃப்பிடம் போனேன். கட்டுப்பாட்டு அறையில், ஒரு காதைத் திருப்பிக் கேட்டார்.

"பேரை யார் போட்டது?"

"நான். நீங்க கொடுக்கல."

"அப்ப நீயே எடு."

"எக்ஸ்ஓ கையெழுத்து ஆயிடுச்சே."

"அப்ப கையெழுத்து போட்டவர்கிட்ட போ."

"வேற ஒரு லீடிங் கொடுங்க, மாஸ்டர். நான் மாத்தி வாங்கிடறேன்."

விரலை மடக்கினார். "மூணு வாட்ச். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு தேறின லீடிங். ஒருத்தன எடுத்தா ஒரு வாட்ச் நொண்டும். உன் ஆள் தேறாதவன். பக்கத்துல நின்னு கத்துக்கிறவன். எண்ணிக்கையில வரமாட்டான். எடுத்தா யாருக்கும் நஷ்டமில்ல."

"தேறாததுக்குக் காரணமே அவனுக்கு வாட்ச் கிடைக்காததுதான் மாஸ்டர்."

"சரி. தேறட்டும், அப்புறம் எடுக்க மாட்டேன்."

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நான் அந்தச் சங்கிலியை வளையம் வளையமாகப் பார்த்தேன். தேறாததால் உபரி. உபரியானதால் சாப்பாட்டுக் கூடம். சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பதால் தேற முடியாது. தேறாததால் உபரி. எந்த வளையத்திலும் ஒரு முட்டாள் இல்லை. அதை இணைத்த கொல்லன் மட்டும் நான்.

சரி, வேறு டிபார்ட்மென்ட்டில் மாற்று வாங்கலாம் என்று போனேன். எலெக்ட்ரிக்கல் சீஃப் மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார், மறுப்பதையும் தமிழிலேயே செய்தார். "எங்க முறை போன மாசம் முடிஞ்சு. இன்னொரு தடவ செய்யச் சொன்னா என் பசங்க ஒயர வெட்டி விட்ருவாங்க, நீங்க இருட்டுல டைப் அடிக்கணும்." மேல்தளத்து மாலுமிகளின் தலைமைச் சீஃப்பைப் பஃபர் என்று கூப்பிடுவோம். அவரிடம் போனபோது பெயிண்ட் டப்பாவைக் கையில் வைத்திருந்தார். "என் ஆளுங்க மழையில நின்னு எட்டத்துல கப்பல் வருதான்னு பாக்கிறானுங்க. இன்ஜின்காரன் மொறைக்கு அவனுங்க தட்டு கழுவணுமா? நீ வாட்ச் நின்னுருக்கியா எப்பவாவது?" நான் நின்றதில்லை. அதைத் தெரிந்துதான் கேட்டார்.

கடைசியில் முறைப்படிதான் போக வேண்டும் என்று ஆனது. முறை என்னவென்றால், ஒருவனுக்காக இன்னொருவன் மனுக்கொடுக்க முடியாது. சம்பந்தப்பட்டவன் தானே எழுதித் தன் பிரிவு ஆபீசரிடம் கொடுக்க வேண்டும். அவர் இன்ஜினியர் ஆபீசரிடம் கொண்டுபோவார், அங்கிருந்து எக்ஸ்ஓவின் மேஜைக்கு வரும். பிரிவு ஆபீசர் என்பவர் அவன் நல்லது கெட்டதைக் கவனிக்க வேண்டியவர், நல்ல பிள்ளை, புதிதாக வந்த லெஃப்டினன்ட். அவரும் இன்ஜின் அறையில் வாட்ச் நின்றார். இங்கேதான் எங்கள் பட்டியல் தன் முழு அழகையும் காட்டியது.

வாட்ச் மாறுகிற நேரத்தில்தான் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு வாட்சுக்குப் போகிறவன் பதினொன்றரைக்கே வரிசையில் முதலில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவான். இறங்கி வருகிறவன் பன்னிரண்டுக்குப் பிறகு வந்து சாப்பிடுவான். ஆகவே லெஃப்டினன்ட் ஓய்வாக இருக்கும் நேரமெல்லாம் நம்ம ஆள் சோறு பரிமாறிக்கொண்டிருப்பான். நம்ம ஆள் கையைத் துடைத்துக்கொண்டு மனுவோடு கிளம்பினால் லெஃப்டினன்ட் வாட்சில் இருப்பார் அல்லது வாட்ச் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். தூங்குகிற ஆபீசரை எழுப்புவதற்கு லீடிங்குக்கு ஒரு காரணம் வேண்டும், கப்பல் தீப்பிடித்தால் போதும். நாலு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் அவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னான்: "அண்ணே, இந்த மாதிரி வேலை செஞ்சா ஒங்கள எங்கூர்ல மீன் ஏலத்துக்கு கூட சேத்துக்க மாட்டாங்க."

"மனு எக்ஸ்ஓகிட்ட போயிடும்டா."

"போவும். கப்பலும் போவும்."

ஒருவழியாக லெஃப்டினன்ட்டுக்கு ஒரு டாக் வாட்ச் ஓய்வு கிடைத்து, அவன் மனு ஏறியது. மேலே ஏற இரண்டு நாள். அங்கே இன்ஜினியர் ஆபீசர், 'சான்றிதழ் வேண்டியவர், பரிந்துரைக்கிறேன், ஆனால் மாற்று லீடிங் என்னிடம் இல்லை' என்று எழுதி அனுப்பினார். ஒரு வாக்கியத்தில் கதவைத் திறந்து, அதே வாக்கியத்தில் சாத்துகிற திறமை ஆபீசர்களுக்குத்தான் உண்டு.

எக்ஸ்ஓ என்னைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் பயம்.

"இந்தப் பெயர் எப்படி வந்தது, சீஃப்?"

உள்ளதைச் சொன்னேன். கட்டம் காலியாக இருந்தது, இப்போதைக்கு என்று போட்டேன்.

"இப்போதைக்கு." அந்த வார்த்தையை அப்படியே திருப்பி வைத்தார். "நான் கையெழுத்துப் போட்டால் அதில் இப்போதைக்கு என்று எதுவும் இல்லை. நீ போட்டதை நம்பி இருநூற்றைம்பது பேர் நிற்கிறார்கள். ஒருவனை எடுத்தால் அங்கே இன்னொருவன் நிற்க வேண்டும். எந்த டிபார்ட்மென்ட்டும் தன் முறைக்கு மேல் ஆள் தராது, நான் கேட்கவும் மாட்டேன். ஓட்டையை நீ போட்டாய். அடைக்க ஆள் நீயே கொண்டுவா. சாயங்காலத்துக்குள்."

அலுவலகத்துக்கு வந்து யோசித்தேன். எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரே ஒரு உபரி லீடிங், என் உதவி ரைட்டர். அவன் முதல் மாதம் கூடத்தில் நின்று வந்தவன், அவனை மறுபடி அனுப்பினால் அவனும் நீலப் புத்தகம் ஏதாவது தூக்கிக்கொண்டு வருவான். விதிகளைப் புரட்டினேன். குழுவுக்குத் தலைவன் லீடிங் ஆக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. 'லீடிங் அல்லது அதற்கு மேல்' என்று இருந்தது. எழுதியவர் அந்த 'மேல்' சீஃப் வரை போகும் என்று நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் லாஜிஸ்டிக்ஸ் ஆபீசர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தார். "ஆபீஸ் வேலை?"

"சாப்பாட்டுக்கு நடுவுல செஞ்சுக்கிறேன் சார்."

"சாப்பாட்டுக்கு நடுவுலயா, வேலைக்கு நடுவுலயா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, சீஃப் பட்டையோடு, வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நான் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றேன். என் சகாக்களான சீஃப்களுக்குத் தனி மெஸ் உண்டு, மாலுமிகள் கூடத்துக்கு அவர்கள் வரவே வேண்டியதில்லை. அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். பஃபர் தட்டை நீட்டி, "சீஃப், பருப்பு கெட்டியா போடு. அடியிலேர்ந்து" என்றார். எலெக்ட்ரிக்கல் சீஃப், "இப்ப வாட்ச் நின்ன மாதிரி இருக்கா?" என்று கேட்டுவிட்டு நின்று பதிலுக்காகக் காத்திருந்தார். குழுவிலிருந்த இளம் மாலுமிகள் என்னிடம் எதையும் சொல்லப் பயந்து, சொல்ல வேண்டியதை அப்பளத்திடம் சொன்னார்கள்.

அவன் இன்ஜின் அறைக்குப் போய்விட்டான். நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் கணக்கு உதைத்தது. பத்து நாள் போய்விட்டது. மிச்சம் இருபத்து மூன்று. அதில் ஐந்து நாள் துறைமுகம். கட்டிவைத்த கப்பலில் இன்ஜின் ஓடாது, வாட்ச் கணக்கில் வராது. பதினெட்டு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம். நூற்றறுபதுக்குப் பதினாறு மணி நேரம் குறைகிறது.

அவன் இதை எனக்கு முன்பே கணக்குப் போட்டிருந்தான். மத்தியான வாட்சுக்கு முன் சாப்பிட வந்தவன், தட்டை நீட்டியபடி, "ரெண்டு நாளு கொறையுதுண்ணே" என்றான். குற்றச்சாட்டு இல்லாத குரல், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் தட்டில் இரண்டு முட்டை வைத்தேன். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

"வேற வாட்ச்காரன் கூடயும் சேந்து நில்லேன்" என்று பிறகு சொன்னேன்.

"மாஸ்டர் விடமாட்டாரு. தூக்கமில்லாம நிக்கிறவன் கையெழுத்து செல்லாதுன்னுட்டாரு. அவரு சொல்றதும் சரிதானே? எண்ணெ அழுத்தம் கொறையுறப்ப தூங்கிட்டேன்னு வைங்க, நீங்க கடல்ல பருப்பு ஊத்துவீங்க."

துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய மறுநாள் எக்ஸ்ஓ ஓர் உத்தரவை அடிக்கச் சொன்னார். கடற்கொள்ளையர் நடமாடுகிற பகுதி வழியாகச் சில சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போக வேண்டும். பத்து நாள். அந்தப் பத்து நாளும் கப்பல் மூன்று வாட்சிலிருந்து இரண்டு வாட்சுக்கு மாறும். பாதி ஆள் எப்போதும் தயாராக நிற்க வேண்டும், பாதி ஆள் தூங்க வேண்டும். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. கப்பலில் இதைவிட வெறுக்கப்படுகிற உத்தரவு கிடையாது. பலகையில் ஒட்டியவுடன் எனக்குப் பின்னால் யாரோ என் பரம்பரையை விசாரித்தார்கள்.

நான் கணக்குப் போட்டேன். நாளைக்கு எட்டுக்குப் பதில் பன்னிரண்டு. நாளைக்கு நாலு மணி நேரம் கூடுதல். நாலே நாளில் பதினாறு. மிச்ச ஆறு நாளும் கைவசம். கப்பல் முழுதும் திட்டிக்கொண்டிருந்த உத்தரவின் முன்னால் நான் மட்டும் நின்று இளித்தேன். பஃபர் அதைப் பார்த்துவிட்டார். "பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இளித்தது ஒரு நாள்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதிக் கப்பல் ஏறினால் பாதிக் கப்பல் இறங்கும். காலை ஏழு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஏழு, இரவு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாதிக்கும் பின்னால் மறு பாதிக்கும் சோறு. இரவு ஒரு மணிக்கும் சேர்த்துத்தான். இரவு முழுதும் தூங்குகிறவன் என்று என்னைப் பழித்த பழியெல்லாம் அந்தப் பத்து நாளில் கழிந்தது. பகலில் பட்டியல் அடித்தேன், மற்ற நேரமெல்லாம் கரண்டி பிடித்தேன். ஒரு தடவை உத்தரவுத் தாளில் ஓர் ஆபீசரின் பெயருக்கு எதிரே 'உருளைக்கிழங்கு' என்று அடித்துவிட்டேன். எக்ஸ்ஓ அதைச் சிவப்பில் சுழித்து, ஒன்றும் எழுதாமல் திருப்பி அனுப்பினார். அவருடைய கருணை எனக்கு அந்த ஒருமுறைதான் தெரிந்தது.

ஊர் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது அவன் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்து விழுந்தது. அடுத்த நாள் முற்பகல் இன்ஜினியர் ஆபீசர் முன்னால் தேர்வு. நான் அங்கே இல்லை, நாற்பது லிட்டர் ரசத்தோடு இருந்தேன். மாஸ்டர் சீஃப் பிறகு சொன்னதை வைத்துத்தான் தெரியும். எண்ணெய்க் குழாய் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொன்னார்களாம். எண்ணெய் அழுத்தம் விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். மாற்று பம்பை ஓட்டுவேன், ஏறவில்லையென்றால் மேலே சொல்லி இன்ஜினை நிறுத்துவேன் என்றானாம். மேலே கேப்டன் வேண்டாம் என்றால்? "மேல யாரு வேணும்னாலும் சொல்லட்டும் சார், இன்ஜினுக்கு ரேங்க் தெரியாது" என்றானாம். இன்ஜினியர் ஆபீசர் பேனாவை மூடிவைத்தாராம். பிறகு திறந்து கையெழுத்துப் போட்டாராம்.

இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் சீஃப் என் ஏப்ரனில் ஒட்டியிருந்த பருப்பைச் சுட்டிக்காட்டி, "இனி அவன் எண்ணிக்கையில வர்றவன். இனிமே இந்த மாதிரி வேலைக்கு என் டிபார்ட்மென்ட்லேர்ந்து அவன் பேரப் போட்டா நானே எக்ஸ்ஓகிட்ட வருவேன்" என்றார். சரி மாஸ்டர் என்றேன். வேறு என்ன சொல்வது? பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே இருந்த 'பயிற்சி' என்ற சொல்லை எடுத்துவிட்டு அன்றைக்கே திருத்தி அடித்தேன். அந்த ஒரு சொல்லை எடுக்க ஐந்து கையெழுத்து வேண்டியிருந்தது.

மறுநாள் பதினொன்றரைக்கு, பன்னிரண்டு மணி வாட்சுக்கு ஏறுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் அவன்.

"என்னடா, மொத ஆளா நிக்கிற?"

"பேசாம போடுங்கண்ணே. நேத்து வரைக்கும் லேட்டானா பக்கத்துல நிக்கிறவரு பாத்துப்பாரு. இன்னிக்கி நான் போயி நின்னாதான் அங்க இருக்கறவரு எறங்க முடியும்."

சோற்றின் மேல் ரசம் ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஆறிப்போயிருக்கு."

"எல்லாரும் அதான் சாப்பிடுறாங்க."

"சூடா கொண்டாங்கண்ணே," என்றான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு நேரமாவுது."

கொண்டுவந்தேன்.